கவரிங் நகை போட்டால் பச்சை பிடிப்பது ஏன், தடுப்பது எப்படி

கல்யாண வீட்டுக்குப் புது கவரிங் மோதிரம் போட்டுக்கொண்டு போகிறோம். பந்தியில் சாப்பிட்டு, கை கழுவி, வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் விரலைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். முதல்முறை பார்க்கும் யாருக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். நான் ஒரு கவரிங் கடையில் நான்கு வருடம் கவுண்டரில் நின்றிருக்கிறேன், இதைக் காட்டிக் கேட்க வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். பாதிப் பேர் "ஏமாத்திட்டீங்களே" என்று கோபமாக வருவார்கள், மீதிப் பேர் "என் உடம்புலதான் ஏதோ கோளாறா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். இரண்டுமே இல்லை. அந்தப் பச்சைக்குக் காரணம் செம்பு. அது எப்படித் தோலுக்கு வருகிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், எதைச் செய்தால் நிற்கும், எதைச் செய்தால் இன்னும் கெடும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதனால் முதலில் காரணம், அப்புறம் செய்முறை.

பச்சை எங்கிருந்து வருகிறது

கவரிங் நகையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்பு அல்லது பித்தளை. பித்தளை என்பது செம்போடு துத்தநாகம் கலந்தது, அதில் பாதிக்கு மேல் செம்புதான். அந்த உலோகத்தில் செய்த நகைக்கு மேலே மெல்லிசாகத் தங்க முலாம் பூசுகிறார்கள், அவ்வளவுதான்.

செம்பு சும்மா இருக்காத உலோகம். ஈரமும் காற்றும் பட்டால் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கை ரொம்ப நாள் தேய்க்காமல் விட்டால் திரி போடும் குழிக்குப் பக்கத்தில், எண்ணெய் வழிந்த இடத்தில், பச்சையாக ஒன்று படிந்திருக்கும். அதைத்தான் நாம் களிம்பு என்று சொல்கிறோம். சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஒட்டியே இருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் இருக்கும் களிம்பைத்தான் உவமையாகச் சொல்வார்கள். செம்பு இருந்தால் களிம்பும் இருக்கும் என்பது அந்த அளவுக்கு ஊரறிந்த விஷயம். உங்கள் விரலில் இருப்பதும் அதே களிம்பின் உறவுதான், விளக்கில் மாதக்கணக்கில் நடப்பது விரலில் ஒரே நாளில் நடந்துவிடுகிறது.

ஏன் இவ்வளவு வேகம் என்றால், வியர்வை. வியர்வை வெறும் தண்ணீர் இல்லை. அதில் உப்பு இருக்கிறது, லாக்டிக் அமிலம் இருக்கிறது, தோலின் மேல் எண்ணெய்ப் பசையும் இருக்கிறது. உப்பும் அமிலமும் சேர்ந்து செம்பை அரிக்கின்றன. அரிபட்ட செம்பு, உப்போடும் அமிலத்தோடும் எண்ணெயோடும் சேர்ந்து பச்சையும் நீலமுமான செம்பு உப்புகளாக மாறித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. தோலின் நிறம் உள்ளே மாறுவதில்லை, மேலே சாயம் பட்ட மாதிரிதான்.

இதை நீங்களே பார்க்கலாம். தேய்ந்துபோன பழைய கவரிங் வளையல் ஒன்றை எடுத்து, ஒரு டிஷ்யூ பேப்பரில் கொஞ்சம் உப்புத் தூவி, அது நனையும்படி நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, வளையலின் பாதியை மட்டும் அதில் சுற்றி ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். மறுநாள் காலையில் பிரித்தால் முலாம் போன இடங்களில் எல்லாம் பேப்பரில் பச்சைநீலக் கறை இருக்கும். ஆனால் போடுகிற நகையில் இதைச் செய்துவிடாதீர்கள், அந்த நகை அதோடு போனதுதான்.

மேலேதான் தங்கம் இருக்கிறதே, அது தடுக்காதா?

தங்கம் தடுக்கும். ஆனால் அது எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

6 சென்டிமீட்டர் விட்டம் உள்ள ஒரு வளையல், அதன் கம்பி 4 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அதன் மொத்த மேற்பரப்பு சுமார் 24 சதுர சென்டிமீட்டர் வரும். விலை குறைந்த நகையில் முலாம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இது அதில் எழுநூறில் ஒரு பங்கு. அந்தத் தடிமனில் வளையல் முழுக்கப் பூச ஆகும் தங்கம் 5 மில்லிகிராம்கூட இல்லை. 'ஒரு கிராம் தங்க நகை' என்ற பெயரைப் பார்த்து உள்ளே ஒரு கிராம் தங்கம் இருக்கிறது என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். அது வியாபாரப் பெயர், எடையைச் சொல்லும் பெயர் இல்லை.

இவ்வளவு மெல்லிய முலாமில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். வியர்வை அதன் வழியாக உள்ளே இறங்கும். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் நடக்கிறது. தங்கம் அரிக்காத உலோகம், செம்பு அரிக்கிற உலோகம், இரண்டும் ஒட்டிக்கொண்டு உப்புத் தண்ணீரில் இருந்தால் அது ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும். அந்த பேட்டரியில் கரைவது செம்புதான். அதனால் துளை விழுந்த முலாமுக்கு அடியில் இருக்கும் செம்பு, முலாமே இல்லாத செம்பைவிட வேகமாக அரிக்கும். புது நகைகூடச் சில சமயம் முதல் வாரத்திலேயே பச்சை விடுவது இதனால்தான். முலாம் உரிந்த மாதிரி எதுவும் தெரியாது, ஆனால் விரல் பச்சையாகும்.

நல்ல கவரிங்கில் முலாம் கூடுதல் தடிமனாக இருக்கும், சிலவற்றில் அதற்கு மேலே நிறமில்லாத ஒரு லாக்கர் பூச்சும் கொடுத்திருப்பார்கள். லாக்கர் இருக்கும்வரை வியர்வை உலோகத்தைத் தொடாது. அது போனபின் கதை ஆரம்பிக்கும்.

எனக்கு மட்டும் ஏன்?

ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு செயின் வாங்கிய அக்கா தங்கைகளில் ஒருத்திக்குக் கழுத்து பச்சையாகும், இன்னொருத்திக்கு ஒன்றும் ஆகாது. "உடம்பு சூடு", "ரத்தம் சரியில்லை" என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். பச்சை பிடிப்பதை வைத்து உங்கள் ரத்தத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒருவருக்கு வியர்ப்பது அதிகம், ஒருவருக்குக் குறைவு. ஒருவர் வியர்வையில் உப்பும் அமிலமும் கூட இருக்கும். ஒருவர் நாள் முழுக்கப் பாத்திரம் கழுவி, துணி துவைத்து ஈரக் கையோடு இருப்பார், இன்னொருவர் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார். வித்தியாசம் இதில்தான்.

இடமும் முக்கியம். மோதிரத்துக்கு அடியில் தண்ணீரும் சோப்பும் தேங்கி நிற்கும், காற்றுப் போகாது, அதனால் அங்கேதான் முதலில் வரும். செயினில் பிடரிப் பக்கம், கொக்கி இருக்கும் இடம். வளையலில் உள்பக்கம். ஜிமிக்கி, தொங்கட்டான் போன்றவற்றில் தொங்குகிற பகுதி எவ்வளவு மோசமாக இருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, காதுக்குள் போகிற கம்பி எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஐம்பொன் மோதிரம், செப்புக் காப்பு போடுகிறவர்கள் இதை வேறு மாதிரி நினைக்கிறார்கள். பச்சை வந்தால் உடம்பில் இருக்கும் நச்சை அது இழுக்கிறது என்று கடையிலேயே சொல்லி விற்பதைக் கேட்டிருக்கிறேன். விலை குறைந்த ஐம்பொன்னில் பெரும்பகுதி செம்புதான், காப்பு முழுக்கவே செம்பு, முலாமும் கிடையாது. செம்பு வியர்வையில் கரைந்து வெளியே வருகிறது, உடம்பிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை.

பச்சை வேறு, அரிப்பு வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். பச்சைக் கறை மட்டும் இருந்து, அரிப்போ எரிச்சலோ இல்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை, கழுவினால் போய்விடும். ஆனால் நகை பட்ட இடம் சிவந்து, அரித்து, சின்னச் சின்னக் கொப்புளம் வந்து நீர் வடிகிறது என்றால் அது செம்பின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு, பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை.

நிக்கல் ஏன் அங்கே வருகிறது? பித்தளைக்கும் தங்க முலாமுக்கும் நடுவில் நிக்கலை ஓர் அடுக்காகப் பூசுவது வழக்கம். நகைக்குப் பளபளப்பு வரும், செம்பு மேலே ஏறி வந்து தங்கத்தை மங்கச் செய்வதும் குறையும். ஆக, பச்சை வராமல் தடுக்கிற அதே அடுக்குதான் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கிறது. ஜெர்மன் சில்வர் நகையிலும் இதே கதைதான், அதில் வெள்ளி துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை அது.

இந்த ஒவ்வாமை பெரும்பாலும் காது குத்தும்போது போட்ட மலிவான கம்மலில்தான் தொடங்குகிறது, ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுக்க இருக்கும். நகை போட்ட உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிப்புக் கிளம்பும், அதனால் நிறையப் பேர் சோப்பையும் சாப்பிட்ட கத்தரிக்காயையும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஜீன்ஸ் பட்டனோ பெல்ட் பக்கிளோ படும் இடத்தில் வயிற்றிலும் அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சந்தேகம் உறுதிப்படும். தோல் மருத்துவரிடம் போனால் முதுகில் பேட்ச் ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். உங்களுக்கு நிக்கல் ஆகாது என்றால் கீழே வரும் பூச்சு வேலைகளை நம்பி அந்த நகையைத் திரும்பப் போடாதீர்கள், வேறு உலோகத்துக்கு மாறிவிடுங்கள்.

முதலில் தோலில் இருக்கும் கறை

நகையைக் கழற்றிவிட்டு, பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கறை மேல் ஒரு நிமிடம் தேயுங்கள். எண்ணெயோடு சேர்ந்து ஒட்டியிருப்பது அதில் கிளம்பிவிடும். அப்புறம் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். முக்கால்வாசி இதிலேயே போய்விடும். மீதி நிழலாகத் தெரிவது ஒன்றிரண்டு நாளில் தோல் உதிரும்போது தானாகப் போகும்.

எலுமிச்சை தேய்த்தாலும் போகும்தான். ஆனால் எலுமிச்சைச் சாறு பட்ட தோலோடு வெயிலில் போனால் அந்த இடம் வெந்து, கறுத்து, வாரக்கணக்கில் தழும்பாக நிற்கும். கழுத்தில் அப்படிக் கறுத்துப்போய் வந்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன், பச்சை ஒரே நாளில் போய்விட்டது, எலுமிச்சை செய்தது போக மாதக்கணக்கானது. கறையை எடுக்கச் சோப்பு போதும்.

அடுத்து நகையைச் சுத்தம் செய்வது

இங்கேதான் நிறையப் பேர் நகையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை, வெள்ளிக் கொலுசை விபூதி போட்டுத் துடைத்துப் பழகிய கை, அதையே கவரிங்குக்கும் செய்யும். புளியில் இருக்கும் அமிலம் களிம்பைக் கரைக்கும், விளக்கு முழுக்கப் பித்தளை என்பதால் அது பளபளப்பாகும். கவரிங்கில் அந்த அமிலம் முலாமின் துளை வழியே இறங்கி அடியில் இருக்கும் செம்பையும் அரிக்கும். விபூதியும் பற்பசையும் மெல்லிசான உப்புத்தாள் மாதிரி, தலைமுடியில் எழுநூறில் ஒரு பங்கு இருக்கும் முலாம் அதைத் தாங்காது. தேய்த்த அன்றைக்கு ஜொலிக்கும், அடுத்த வாரமே சிவப்பாகச் செம்பு எட்டிப் பார்க்கும்.

சரியான முறை ரொம்ப எளிது. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் குழந்தை ஷாம்பு போல மென்மையான ஏதாவது இரண்டு சொட்டு. நகையை ஒரு நிமிடத்துக்கு மேல் ஊற விடாமல், மிக மென்மையான பிரஷ்ஷால் இடுக்குகளில் மட்டும் லேசாகத் தட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி எடுங்கள். கல் பதித்த நகை என்றால் முக்கவே வேண்டாம், பசை இளகிக் கல் விழுந்துவிடும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பின்னர் பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் காய விடுங்கள். செயினின் கண்ணிகளுக்குள் ஈரம் நின்றால் பெட்டிக்குள் வைத்தபின் அங்கேயே செம்பு அரிபடத் தொடங்கும், அதனால் காய வைப்பதில் அவசரப்படாதீர்கள்.

பூச்சுக் கொடுப்பது: ஒரு மோதிரத்தை எடுத்துக்கொள்வோம்

அரிப்பு இல்லாமல் பச்சை மட்டும் பிடிக்கும் மோதிரத்துக்கு எளிய தடுப்பு, உள்பக்கம் கலர் இல்லாத நெயில் பாலிஷ் பூசுவது. அது உலோகத்துக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு படலமாக நிற்கும். எல்லோரும் சொல்வதுதான், ஆனால் பாதிப் பேருக்கு இரண்டே நாளில் உரிந்துவிடுகிறது, காரணம் அழுக்கு மேலே பூசுவது.

மேலே சொன்னபடி மோதிரத்தைக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். காய்ந்தபின் உள்பக்கத்தை விரலால் தொடாதீர்கள், விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை போதும் பூச்சு ஒட்டாமல் போக. ஒரு பென்சிலிலோ ஊதுபத்திக் குச்சியிலோ மோதிரத்தை மாட்டிப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் முழுவதும் மெல்லிசாக ஒரு கோட் அடியுங்கள். விளிம்பையும் விடாதீர்கள், பூச்சு உரிய ஆரம்பிப்பது எப்போதும் விளிம்பிலிருந்துதான். 20 நிமிடம் காய விட்டு இரண்டாவது கோட். தடிமனாக ஒரே கோட் அடித்தால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுவென்று இருக்கும், சீக்கிரம் சுருங்கி உரியும். இரண்டாவது கோட் அடித்தபின் ராத்திரி முழுக்க அப்படியே வைத்துவிட்டுக் காலையில் போடுங்கள்.

இது எவ்வளவு நாள் தாங்கும்? வீட்டு வேலை செய்கிற கையில் ஒரு வாரம், எப்போதாவது போடும் மோதிரத்தில் மாதக்கணக்கில். விரலில் மறுபடி பச்சைக் கோடு தெரிந்தால் பூச்சு எங்கோ திறந்துவிட்டது என்று அர்த்தம். அதன் மேலேயே இன்னொரு கோட் அடிக்காதீர்கள், உரிந்த இடத்தில் ஈரம் மாட்டிக்கொள்ளும். பழைய பூச்சை ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். ரிமூவர் மோதிரத்தின் வெளிப்பக்க லாக்கரையும் கரைக்கும், கல்லைப் பிடித்திருக்கும் பசையையும் இளக்கும், அதனால் உள்பக்கம் மட்டும் படும்படி செய்யுங்கள்.

வளையலின் உள்பக்கத்துக்கும் இதே முறை சரிவரும். செயினுக்குச் சரிவராது. கண்ணிகள் ஒன்றோடொன்று உரசுவதால் பூச்சு ஒரே நாளில் உதிர்ந்துவிடும், கொக்கிக்கு மட்டும் பூசலாம். காதுக்குள் போகும் கம்பிக்குப் பூசாதீர்கள், உரிந்த துணுக்கு துளைக்குள் தங்கிப் புண்ணாகும்.

போடும்போதும் கழற்றும்போதும்

பவுடர், சென்ட், லோஷன், ஹேர் ஸ்பிரே எல்லாம் முடிந்து, அது காய்ந்தபின் கடைசியாக நகை. வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுவது நகை. சென்ட்டிலும் சானிடைசரிலும் இருக்கும் ஆல்கஹால் லாக்கரை இளக்குகிறது, பவுடர் துகள்கள் கண்ணிகளுக்குள் புகுந்து முலாமைத் தேய்க்கின்றன. குளிக்கும்போதும், பாத்திரம் கழுவும்போதும், கடலில் கால் நனைக்கப் போகும்போதும் கவரிங் கையில் இருக்கக் கூடாது. கடல் தண்ணீர் வியர்வையைவிடப் பல மடங்கு உப்பு, ஒரு மணி நேரம் போதும்.

கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஒவ்வொரு நகையையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். புதுச் செருப்பு, கைப்பை வாங்கும்போது உள்ளே வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் இதில் ஒன்று போட்டு வைக்கலாம். பரதநாட்டியம் ஆடுகிற பெண்களின் நகைகள் ஒரு கச்சேரியில் குடிக்கும் வியர்வைக்கு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது என்றால், ஆடி முடித்ததும் ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பவர்களிடம்தான் அப்படி இருக்கிறது.

சரி, கழற்றவே முடியாத நகை என்றால்? எங்கள் கடைக்கு வந்த ஒரு அக்காவின் விஷயம் இது. பக்கத்துத் தெருவில் செயின் பறிப்பு நடந்ததும் பயந்து, தங்கச் செயினைப் பூட்டி வைத்துவிட்டு, தாலியை ஒரு கவரிங் செயினில் கோத்துப் போட்டுக்கொண்டார். ராத்திரி பகல் கழுத்திலேயே இருக்கும், குளியலும் அதோடுதான். மூன்றே வாரத்தில் பிடரியிலும் வெள்ளை ஜாக்கெட்டின் கழுத்திலும் பச்சை. அவர் அதற்குள் இரண்டு தடவை புளி போட்டுத் தேய்த்திருந்தார். செயினை வாங்கிப் பார்த்தபோது கொக்கிக்குப் பக்கத்தில் நாலு விரல் நீளத்துக்குச் சிவப்பாகச் செம்பு தெரிந்தது. அரிப்பு இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். அப்படியென்றால் செம்பு மட்டும்தான் பிரச்சினை.

அவரைக் கழற்றி வைக்கச் சொல்ல முடியாது, தாலி அது. அதனால் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளச் சொன்னோம், கழுத்தில் எப்போதும் இருப்பது கயிறு. செயின் தனி, வெளியே போகும்போது மட்டும் போட்டு, வந்ததும் கழற்றித் துடைத்து வைப்பது. பழைய செயினுக்கு மறு முலாம் போட்டுக் கொடுத்தோம். அதற்கப்புறம் ஒரு வருடம் கழித்து அவர் வந்தபோது அதே செயின்தான் போட்டிருந்தார், கொக்கியில் மட்டும் லேசாக மங்கியிருந்தது. ஜாக்கெட் கறைக்கு எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்து வெயிலில் போடச் சொன்னேன், துணிக்கு அது ஒன்றும் செய்யாது. வெள்ளைத் துணி என்பதால் சொன்னேன், பட்டுக்கு இதைச் செய்யக் கூடாது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

முகப்பைப் பார்க்காதீர்கள், அது எல்லா நகையிலும் அழகாகத்தான் இருக்கும். கொக்கி, வளையலின் உள்பக்கம், கண்ணிகள் சேரும் இடம் இவற்றைப் பாருங்கள். அங்கே நிறம் மாறியிருந்தால், திட்டுத்திட்டாக இருந்தால் முலாம் அங்கே சரியாக ஏறவில்லை. ரோல்டு கோல்டு, மைக்ரோ பிளேட்டிங், சிதம்பரம் கவரிங் என்று பெயர்கள் நிறைய உண்டு, பெயரை மட்டும் வைத்து முலாமின் தடிமனைச் சொல்ல முடியாது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: அடி உலோகம் என்ன, மறு முலாம் போட்டுத் தருவீர்களா. ஆறு மாத கேரண்டி என்றால் எதற்குக் கேரண்டி என்றும் கேளுங்கள், நிறம் போனால் மாற்றித் தருவதற்கா, பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதற்கா என்று கடைக்குக் கடை மாறும்.

தினமும் போட வேண்டும், கழற்ற நேரமில்லை என்பவர்களுக்குக் கவரிங் சரியான பொருள் இல்லை என்பதை ஒரு கவரிங் கடையில் நின்றவளாகவே சொல்கிறேன். அவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நகை வாங்கலாம், 316எல் என்று போட்டிருப்பது நல்லது. அதன் அடி உலோகத்தில் செம்பு அநேகமாக இல்லை, பச்சைக்கு வழியில்லை. அதில் நிக்கல் இருக்கிறது, ஆனால் உலோகத்துக்குள் இறுகிக் கிடப்பதால் மிகக் குறைவாகத்தான் வெளியே வரும், பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். நிக்கல் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் காதுக்கு டைட்டானியம் கம்மல் வாங்கிவிடுவது பாதுகாப்பு. 92.5 வெள்ளியிலும் மீதி 7.5 பங்கு பெரும்பாலும் செம்புதான், அதனால் சிலருக்கு அதிலும் லேசாகக் கறை வரும்.

வாயில் வைத்துக் கடிக்கிற வயதுக் குழந்தைகளுக்குக் கவரிங் வேண்டவே வேண்டாம். மலிவு நகைகளில் ஈயமும் காட்மியமும் கலந்திருப்பது பல நாடுகளில் சோதனையில் தெரிந்து, திரும்பப் பெற்றிருக்கிறார்கள். தோலில் பட்டால் கழுவிவிடலாம், வயிற்றுக்குள் போனால் அப்படி இல்லை.

மறு முலாமா, தூக்கிப் போடுவதா?

முலாம் தேய்ந்து நிறம் மட்டும் போயிருக்கிறது, உலோகம் வழவழப்பாக இருக்கிறது என்றால் மறு முலாம் போடலாம். விரல் நகத்தால் வருடிப் பாருங்கள், சொரசொரப்பாகக் குழிகுழியாக இருந்தால் செம்பு ஆழமாக அரித்துவிட்டது, அதன் மேல் முலாம் போட்டாலும் அந்தக் குழிகளில்தான் முதலில் உரியும், காசு வீண். கொக்கி மட்டும் பச்சை விடுகிறது, செயின் நன்றாக இருக்கிறது என்றால் கொக்கியை மட்டும் ஸ்டீலில் மாற்றித் தரச் சொல்லுங்கள், சின்ன வேலைதான். கம்மலிலும் அப்படியே, மேல்பகுதி நன்றாக இருந்து கம்பி மட்டும் தேய்ந்திருந்தால் கம்பியை மாற்றலாம். மறு முலாம் போடக் கொடுக்கும்போது "உள்பக்கமும் கொக்கியும் சேர்த்துப் போடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள், வாங்கும்போது முகப்புக்கு முன்னால் அந்த இரண்டையும் திருப்பிப் பாருங்கள்.